அக்கவுண்ட்ஸில் நாலாவது ஆள்: கணக்கைக் காட்டியும் கேட்காத அனுபவங்கள்

காரைக்குடி_பேரேடு
பலகாரக் கம்பெனி. அக்கவுண்ட்ஸில் மூணு பேர். மாச வேலையை எண்ணிக்கை × நிமிஷம் என்று போட்டோம்: பில் 1,400 × 9 நிமிஷம் = 210 மணி. கொள்முதல் பில் 900 × 7 = 105. வசூல் போன் 1,100 × 6 = 110. திரும்பி வந்த சரக்கைக் கழிப்பது 60, ஈ-வே பில் 26, பேங்க் ஒத்துப் பார்ப்பது 40, ஜிஎஸ்டி, டிடிஎஸ், பிஎஃப் எல்லாம் 45. ஆக 596 மணி.

முதலாளி ஆச்சி தாளை முழுசாகப் படிக்கவில்லை. கால்குலேட்டரை எடுத்து 8 × 26 × 3 தட்டினார்கள். 624. "28 மணி மிச்சமிருக்கே, இன்னொரு அடுத்தாள் எதுக்கு?" என்று தாளைத் திருப்பித் தள்ளிவிட்டார்கள். இதே கேள்வியில் வேறு யார் மாட்டியிருக்கிறீர்கள்?

தேவகோட்டை_ரஸ்தா
இவ்வளவு கணக்கே வேண்டாம். ஓவர்டைம் பதிவேட்டை மேசையில் வையுங்கள். இரட்டைச் சம்பளம் என்றதும் முதலாளி தானாக ஆள் எடுப்பார். எங்கள் பக்கத்து மில்லில் அப்படித்தான் நடந்தது.

கானாடுகாத்தான்_முற்றம்
பழைய வீட்டை ஓட்டலாக்கினால் இதைவிட மோசம். அறை எண்ணிக்கையை வைத்து ஆள் கேட்டால், வளவும் முற்றமும் பெருக்குகிற வேலை எந்தக் கணக்கிலும் வராது. ஆத்தங்குடிக் கல்லை எண்ணெய் போட்டுத் துடைப்பதற்கே ஒரு ஆள் வேண்டும். நீங்களும் ஹவுஸ்கீப்பிங்குக்குத்தானே கேட்கிறீர்கள்?

காரைக்குடி_பேரேடு
இல்லைங்க, கணக்குப் பிரிவு. ஆனாலும் எண்ணிக்கையில் வராத வேலை என்று நீங்கள் சொன்னது இங்கேயும் இருக்கிறது.

புதுவயல்_தணிக்கை
தேவகோட்டைக்காரர் சொன்னதைச் செய்யாதீர்கள், அது உங்களுக்கு எதிராகத் திரும்பும். 15,000 சம்பளத்தை 208 மணியால் வகுத்தால் மணிக்கு 72 ரூபாய், இரட்டைக்கு 144. கீழே நான் போடுகிற கணக்குப்படி மாதம் 66 மணி ஓவர்டைம் கொடுத்தாலும் 9,500-தான். புது ஆளுக்குச் சம்பளம் 15,000, பிஎஃப் நிர்வாகக் கட்டணத்தோடு 13%, அதாவது 1,950. ஈஎஸ்ஐ 3.25%, 488. போனஸ், கிராஜுவிட்டிக்கு மாதம் சுமார் 1,970 ஒதுக்க வேண்டும். 19,400 ஆகிவிடுகிறது. ஓவர்டைம் பாதி விலை என்பதை ஆச்சி ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

உங்கள் கணக்கு கவிழ்ந்த இடம் 624. அது வேலை செய்யக் கிடைக்கிற நேரம் இல்லை. வருகைப் பதிவேட்டில் ஒரு ஆளுக்கு மாதம் ஒன்றரை நாள் லீவு என்றால் 12 மணி போகிறது. போன், கவுண்டரில் வந்து நிற்கிறவர் என்று நாளுக்கு முக்கால் மணி, அது 19.5. மிச்சம் 176.5 மணி, மூணு பேருக்கு சுமார் 530. 66 மணி பற்றாக்குறை இப்போதுதான் தெரிகிறது. இந்த 31.5 மணிக் கழிவை வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள், பதிவேட்டின் நகலை இணைக்க வேண்டும்.

9 நிமிஷம் என்பதும் ஊழியர் சொன்னதா, அளந்ததா? டேலி எடிட் லாக்கில் ஒவ்வொரு வவுச்சரும் போட்ட நேரம் இருக்கும். அடுத்தடுத்த இரண்டு பில்லுக்கு நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள், டீக்கு எழுந்து போன நீண்ட இடைவெளிகளைத் தள்ளிவிடுங்கள். தீபாவளி மாதத்தை எடுக்காதீர்கள், "அது சீசன்" என்று ஒரே வார்த்தையில் அடித்துவிடுவார்கள்.

தேவகோட்டை_ரஸ்தா
66 மணி என்றால் அரை ஆள்கூட இல்லையே. பகுதி நேரம் போதாதா?

புதுவயல்_தணிக்கை
மாதச் சராசரிதான் ஏமாற்றுகிறது. 7-ம் தேதி டிடிஎஸ், 11 ஜிஎஸ்டிஆர்-1, 15 பிஎஃப், 20 ஜிஎஸ்டிஆர்-3பி. தேதிவாரியாகப் பிரித்துப் பாருங்கள், முதல் பத்து வேலை நாளில் நாளுக்கு 28 மணி வேலை வந்தால் அதற்கு நாலு பேர் தேவை. கடைசி வாரத்தில் 17-க்கு இறங்கும், அங்கே மூணு பேரே அதிகம்.

காரைக்குடி_பேரேடு
பிரித்துப் பார்த்தேன், கிட்டத்தட்ட அப்படியேதான். முதல் பத்து நாளில் வசூல் போன் அப்படியே நின்றுவிடுகிறது. 45 நாள் தாண்டிய பாக்கி 12 லட்சம் கூடியிருக்கிறது. பேங்க் ஓவர்டிராஃப்ட் வட்டி 11% என்றால் மாதம் 11,000. செய்யாத வேலை நேரக் கணக்கில் வராது, இங்கேதான் தெரிகிறது. ஆனால் 11,000-மும் ஓவர்டைமாக இப்போது கொடுக்கிற 5,800-ம் சேர்ந்தாலும் 16,800-தான். 19,400-க்கு 2,600 இடிக்கிறது.

புதுவயல்_தணிக்கை
இடிப்பதை மறைக்காமல் எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு எடுக்கலாம், பாக்கி 12 லட்சம் குறையாவிட்டால் நீட்டிக்க வேண்டாம் என்று ஒரு வரி போடுங்கள். மாதக் கடைசியில் புது ஆளுக்கு வசூல் வேலை மட்டும்.

தேவகோட்டை_ரஸ்தா
வியாபாரியைப் போனில் மிரட்டத் தெரிந்த ஆள் 15,000-க்குக் கிடைப்பாரா, அதையும் எழுதுங்கள்.