புதுப்பிப்பு: பத்தமடைப் பாய், ஒரு நிமிஷப் படம்

முன்பு கேட்டது: "பாய் நெய்யும் ஆச்சியைப் பற்றிய ஸ்க்ரிப்ட் மூன்று நிமிஷம் வருகிறது. போட்டிக்கு அறுபதே நொடிதான். எதை வெட்ட?"

வசனத்தைக் குறைக்கச் சொன்ன தம்பி பாதி சரி. எல்லா வசனத்தையும் எடுத்த பிறகும் 95 நொடி வந்தது. கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர், தன் ஆல்பம் பாட்டை வேகமாக ஓட்டிய கதையைச் சொன்னார். எனக்கு அது பொருந்தவில்லை.

எடிட்டர் அண்ணாச்சிதான் முடிச்சைக் கண்டார். "கடைசி ஷாட்டை ஒரே வரியில் சொல்லு" என்றார். நான் சொன்னேன்: ஊருக்கெல்லாம் மணமக்கள் பெயரை நெய்த ஆச்சியின் பாயில் அவள் பெயர் மட்டும், பக்கத்து இடம் வெறுமை. "அப்போ ஆற்றில் கோரை குறைந்தது எதுக்குலே?" என்றார். அது இன்னொரு படம். சரி, எடுத்துவிட்டேன்.

இப்போது ஏழு ஷாட். இரண்டாவதில் ஒரு கல்யாணப் பாய். இரண்டு பெயரையும் வாசிக்க நான்கு நொடி. அதை வாசிக்காதவருக்குக் கடைசி வெறுமை புரியாது. முதல் எடிட்டில் அதற்கு ஒன்றரை நொடிதான் விட்டிருந்தேன், பார்த்த மூவரில் இருவர் "பாய் முடியலையா?" என்றார்கள். கடைசி ஷாட் ஒன்பது நொடி: விரல் வெறும் கோரையைத் தடவி நிற்கிறது. டைட்டிலும் அறுபதுக்குள் அடக்கம் என்பதால் அதை இந்த ஷாட்டின் மேலேயே போடுகிறேன்.

தறிச் சத்தம் அங்கே நிற்கணுமா, தொடரணுமா? அண்ணாச்சி நிறுத்தச் சொல்கிறார். எனக்குத் தொடரணும் என்றே படுகிறது.