செட்டில்மென்ட், கட்-ஆஃப் நேரம்: தமிழில் என்ன சொல்லலாம்?

கோமதி:

வணக்கம். எங்கள் ஊர் மகளிர் குழுவுக்காக மியூச்சுவல் ஃபண்ட் பற்றிய சிறு கையேடு எழுதுகிறேன். இரண்டு சொற்களில் வந்து நின்றுவிட்டேன். வாங்கி விற்றபின் பணம் கைமாறிக் கணக்கு முடிவதைக் குறிக்கும் செட்டில்மென்ட் என்பதற்குத் 'தீர்வு' என்றும், கட்-ஆஃப் நேரம் என்பதற்குக் 'காலக்கெடு' என்றும் எழுதிப் படிக்கக் கொடுத்தேன். ஒரு பெண் கேட்டார்: "மூன்று மணிக் கெடு தாண்டினால் என் விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவார்களா?" தள்ளமாட்டார்கள், அடுத்த வேலைநாளின் விலை கிடைக்கும், அவ்வளவுதான். நான் போட்ட சொல்தான் அவரைத் தவறான வழியில் அனுப்பியிருக்கிறது. வேறு சொல் வேண்டும்.

கதிரவன்:

அம்மா, எளிதாகவே முடிக்கலாம். மூன்று மணிக்கு முன் விண்ணப்பம் கொடுத்தால் அன்றைய விலை, பிறகு கொடுத்தால் மறுநாள் விலை. ஆகவே 'விண்ணப்ப வரம்பு நேரம்' என்றால் போதும். செட்டில்மென்ட்டுக்குக் 'கணக்குத் தீர்ப்பு' என்று வைக்கலாம்.

இராமலிங்கம்:

கதிரவன் சொல்வது விற்கும்போது சரி, வாங்கும்போது பாதிதான் சரி. 2021 பிப்ரவரி 1 முதல், எவ்வளவு சிறிய தொகையாக இருந்தாலும், பணம் ஃபண்டின் கணக்கில் வந்து சேர்ந்த நேரமே விலையை முடிவு செய்கிறது. இரண்டரை மணிக்கு விண்ணப்பம் கொடுத்துப் பணமும் அனுப்பிவிட்டீர்கள். நடுவில் உள்ள நிறுவனம் அதை மூன்றேகாலுக்குக் கொண்டு சேர்த்தால் உங்களுக்கு மறுநாள் விலைதான். விண்ணப்பம் போய்விட்டது, பணமும் உங்கள் வங்கியை விட்டுக் கிளம்பிவிட்டது, ஆனாலும் விலை மாறிவிட்டது. 'விண்ணப்ப வரம்பு' என்று எழுதினால் ஏமாந்தது யார் குற்றம் என்றே அவருக்குப் புரியாது.

'கணக்குத் தீர்ப்பு' வேண்டாம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. 'கணக்கைத் தீர்த்துக்கொண்டான்' என்றால் நம் ஊரில் பழி வாங்கினான் என்று பொருள். தரகர் அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் இருந்தேன். 2001 வரை ஒரு வார வியாபாரத்தை மொத்தமாகச் சேர்த்து முடிப்போம். 'இந்த வாரம் பைசலாகிவிட்டது' என்றுதான் எங்கள் பேச்சு. 2003இல் அது இரண்டு நாளானது. 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளுக்கும் வியாபாரம் நடந்த நாளிலிருந்து ஒரு வேலைநாள்தான், திரையில் `T+1` என்று காண்பீர்கள். பைசல் பழைய சொல்தான், ஆனால் உயிரோடு இருக்கிற சொல். அதையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

மேரி:

எனக்கும் இந்த மூன்று மணித் தொல்லை நேர்ந்தது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒரு வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் பங்குகளை விற்றேன். வெள்ளியன்று செயலியில் பணம் வந்துவிட்டதாகக் காட்டியது. வங்கியில் பார்த்தால் ஒரு ரூபாய்கூட இல்லை. திங்களன்றுதான் வந்தது. தாமதக் கட்டணம் கட்டினோம். மூன்று மணிக்கு முன்பே விற்றிருக்க வேண்டும் என்று இன்றும் வருந்துகிறேன்.

இராமலிங்கம்:

மேரி அம்மா, உங்கள் தாமதத்துக்கு மூன்று மணி காரணமே அல்ல. பங்குச் சந்தை மூன்றரை வரை நடக்கிறது. நீங்கள் விற்ற நொடியிலேயே விலை முடிந்துவிட்டது. வெள்ளியன்று பைசலும் முடிந்து பணம் தரகரிடம் உள்ள உங்கள் கணக்கில் வரவானது. அங்கிருந்து வங்கிக்கு எடுக்க நீங்கள் தனியாகக் கோரிக்கை வைக்க வேண்டும். வைக்காவிட்டால், மாதம் ஒருமுறையோ காலாண்டுக்கு ஒருமுறையோ தரகர் திருப்பித் தரும்வரை அங்கேயே கிடக்கும். எப்போது கோரிக்கை வைத்தீர்கள்?

மேரி:

வெள்ளி இரவு, ஐயா. அதுவாகவே வங்கிக்கு வந்துவிடும் என்று அன்று முழுவதும் காத்திருந்தேன்.

கோமதி:

மேரியின் கடிதம் என் சிக்கலைத் தெளிவாக்கிவிட்டது. நேரத்துக்குப் பெயர் தேடுவதைவிட நாளுக்குப் பெயர் வைத்தால் என்ன? எந்த நாளின் விலை நமக்குப் பொருந்துகிறதோ அது 'விலைநாள்'. பணம் நம் வங்கியில் சேரும் நாள் 'பணநாள்'. கட்-ஆஃப் என்பது விலைநாள் மாறும் நேரம், அவ்வளவுதான்.

கையேட்டுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருவரிடம் பங்கு சார்ந்த ஃபண்டில் 1,000 யூனிட்டுகள் இருக்கின்றன. வியாழன் 2:55க்கு விற்கக் கொடுத்தால் விலைநாள் வியாழன். அன்றைய விலை இரவில்தான் வெளியாகும், 52.40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பணநாள் இரண்டு வேலைநாள் தள்ளித் திங்கள், தொகை 52,400. அதையே 3:05க்குக் கொடுத்தால் விலைநாள் வெள்ளி. வெள்ளியன்று விலை 51.60 ஆக இறங்கினால் 51,600 ரூபாய், பணநாள் செவ்வாய். பத்து நிமிடத்தில் 800 ரூபாயும் ஒரு நாளும் போய்விட்டன. வெள்ளியன்று விலை ஏறியிருந்தால் தாமதித்தவருக்கே லாபம். அதனால்தான் 'கெடு' என்ற சொல் இங்கே பொருந்தவில்லை. விற்கும் கட்டணங்களை இதில் சேர்க்கவில்லை.

கதிரவன்:

விலைநாள் நன்றாக இருக்கிறது, ஏற்கிறேன். ஆனால் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் பணம் போடும் லிக்விட் ஃபண்டில் இடிக்குமே? அதில் வாங்க மதியம் ஒன்றரை மணிக்குள் பணம் சேர்ந்துவிட்டால் முந்தைய நாளின் விலை கிடைக்கிறது.

கோமதி:

இடிக்காது. விலைநாள் நேற்று என்றே எழுதலாம். 'அன்றைய விலை நேரம்' என்று பெயர் வைத்திருந்தால்தான் இடித்திருக்கும். வெள்ளி மூன்று மணிக்குள் லிக்விட் ஃபண்டை விற்றால் ஞாயிற்றுக்கிழமை விலை, திங்களன்று பணம். விலைநாள் விடுமுறையில் விழலாம், பணநாள் விழாது.

யோகேஸ்வரி:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். செட்டில்மென்ட்டுக்கு எங்களிடம் 'தீர்ப்பனவு' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. மத்திய வங்கியின் தமிழ் வெளியீடுகளில் 'கொடுப்பனவு மற்றும் தீர்ப்பனவு' என்றுதான் காண்பீர்கள். கொடுப்பது கொடுப்பனவு, கணக்கை முடிப்பது தீர்ப்பனவு. பழி வாங்கும் பொருளும் இதில் ஒட்டாது. புழக்கத்தில் உள்ள தமிழ்ச் சொல்லை விட்டுவிட்டு 'பைசல்' எதற்கு?

இராமலிங்கம்:

அழகான சொல் அம்மா, மறுக்கவில்லை. தமிழ்நாட்டில் முதல்முறை படிப்பவர் நீதிமன்றத் தீர்ப்பை நினைப்பார் என்பதே என் தயக்கம். 'பைசல்' என்றால் எங்கள் கிராமத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

இன்னொன்று. பைசலும் பணநாளும் ஒன்றல்ல என்பதற்கு மேரியே சாட்சி. தரகர் கணக்கில் வந்தது பைசல், வங்கியில் வந்தது பட்டுவாடா. சம்பளப் பட்டுவாடா என்கிறோமே, அதே சொல். பங்குக்கு இந்த மூன்றாவது சொல்லும் தேவை. சந்தை திறந்திருந்து பைசல் மட்டும் நடக்காத நாளும் உண்டு. ஏப்ரல் 1 வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்பு நாள் என்பதால் பல ஆண்டுகளில் அப்படி ஆகியிருக்கிறது. அன்று விற்பவருக்கும், முந்தைய சந்தை நாளில் விற்றவருக்கும் பணம் ஒன்றாகவே வரும்.

மேரி:

ஐயா, பட்டுவாடா என்றால் யாரோ கொடுப்பது போல இருக்கிறது. நான்தானே கேட்டு வாங்க வேண்டியிருந்தது? அந்தக் குறிப்பு சொல்லில் இல்லாவிட்டால் இன்னொருத்தி என்னைப் போலவே காத்திருப்பாள்.

கோமதி:

மேரி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதைக்கு அந்த இடத்தில் சொல் போடாமல், 'தரகரிடமிருந்து வங்கிக்குப் பணத்தை நீங்களே கேட்டு எடுக்க வேண்டும்' என்று முழு வாக்கியமாகவே எழுதுகிறேன். விலைநாள், பணநாள் இரண்டும் கையேட்டில் ஏறிவிட்டன. பைசல், தீர்ப்பனவு இரண்டையும் வைத்து ஒரே பத்தியை இரண்டு விதமாக அச்செடுத்து, வரும் ஞாயிறு குழுவில் படிக்கக் கொடுக்கிறேன். யோகேஸ்வரி, உங்கள் ஊரில் கடைக்காரர்களும் 'தீர்ப்பனவு' என்று பேச்சில் சொல்கிறார்களா, அல்லது அது அலுவலகத் தாளில் மட்டும் வருவதா?