மார்ச்சில் விற்ற தேன், ஏப்ரலில் வந்த பணம்

தேன்கடை, மார்த்தாண்டம்
ஒரு ஆன்லைன் விற்பனைக் கம்பெனி வழியாகத் தேன் விற்கிறேன். வங்கியில் விழும் தொகையைத்தான் விற்பனை என்று எழுதி வந்தேன். போன வாரம் ஆடிட்டர் ஜிஎஸ்டி தளத்தில், கம்பெனி நம் பணத்தில் பிடித்துக் கட்டும் வரியான டிசிஎஸ் பக்கத்தைத் திறந்து, பென்சிலால் திரையைத் தொட்டுக் காட்டினார். கம்பெனி என் பெயரில் சொல்லியிருக்கும் மார்ச் விற்பனை, நான் விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1-இல் காட்டியதைவிட அதிகம். அந்தப் பென்சில் நுனி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

சிப்ஸ்காரன், நாகர்கோவில்
அக்கா, பணம் கைக்கு வந்த பிறகுதானே வருமானம்? நான் அப்படித்தான் எழுதுகிறேன். எனக்குக் கவலையெல்லாம் ரிட்டர்ன்தான். பொடிந்துபோன நேந்திரங்காய் சிப்ஸ் திரும்பி வந்தாலும் அனுப்பிய கூலியைத் தர மாட்டேன் என்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை, தக்கலை
தம்பி சொன்னதில் பாதி சரி. வருமான வரிக்குச் சின்ன வியாபாரி ரொக்க முறையில் எழுதலாம். ஜிஎஸ்டிக்கு அது எடுபடாது, பில் போட்ட மாதம்தான் கணக்கு.

அக்காவின் ஒரு பாட்டிலையே எடுப்போம். வாடிக்கையாளர் கொடுப்பது 525, அதில் 25 ஜிஎஸ்டி. கமிஷன் 60, பணம் வாங்கித் தரும் கட்டணம் 10, கூரியர் 50, இந்த 120-க்கு 18 சதவீத வரி 21.60, டிசிஎஸ் அரை சதவீதம் 2.50. மீதி 380.90 வங்கிக்கு வரும். இதை விற்பனை என்று எழுதினால் செலவு, அதற்குக் கட்டிய வரிக்கான வரவு இரண்டுமே மறைந்துவிடும்.

கம்பெனி பெயரில் ஒரு கணக்கு திறங்கள். 525-ஐ அதில் பற்று வையுங்கள். விற்பனை 500, வரி 25. பிடித்ததையெல்லாம் அதிலிருந்து கழியுங்கள். 120 செலவு. 21.60 உங்களுக்குக் கிடைக்கும் வரி வரவைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் தெரிந்தால் வரவு. 2.50-ஐ ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றுக்கொண்டால், அங்கே இருக்கும் உங்கள் ரொக்க லெட்ஜருக்கு வரும். பணம் வந்த அன்று அந்தக் கணக்கு பூஜ்யமாக வேண்டும். மார்ச் 31-இல் 12 பாட்டிலுக்குப் பணம் வரவில்லை என்றால் அதில் 4,570.80 நிற்க வேண்டும், அது உங்களுக்கு வர வேண்டிய கடன். வேறு தொகை நின்றால் ஏதோ ஒரு ஆர்டர் விடுபட்டிருக்கிறது.

தேன்கடை, மார்த்தாண்டம்
அண்ணாச்சி, மார்ச்சில் போன ஒரு பாட்டில் உடைந்து ஏப்ரலில் திரும்பி வந்தது. மார்ச் விற்பனையைக் குறைக்கணுமா?

கணக்குப்பிள்ளை, தக்கலை
வேண்டாம். ஏப்ரலில் அந்த விற்பனையைக் கழிக்கும் கிரெடிட் நோட் போடுங்கள், அடுத்த நவம்பர் 30 வரை நேரம் இருக்கிறது. கமிஷன் திரும்பக் கிடைத்தாலும், கூரியர் 50 பெரும்பாலும் திரும்பாது. அது உங்கள் செலவு. உடைந்த சரக்குக்கு எடுத்திருந்த வரி வரவையும் திருப்ப வேண்டிவரும், ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

பனைவெல்லம், கருங்கல்
எனக்கு மூன்று வாரமாகப் பணமே வரவில்லை. கணக்கு எப்படி எழுதுவது என்பதை விடுங்கள், யாரிடம் போய்க் கேட்பது?

சிப்ஸ்காரன், நாகர்கோவில்
நேற்று ராத்திரி என் மார்ச் பட்டியலை ஆர்டர் ஆர்டராக எடுத்தேன். 41 ஆர்டர், வங்கியில் 36-க்குத்தான் பணம். மீதி ஐந்தில் இரண்டு ரிட்டர்ன். மூன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.