மறுமொழி: சங்க நிதி 13,40,000 ரூபாய் எங்கே இருக்கிறது?

முருகேசன், தோகா

அனைவருக்கும் வணக்கம். மார்ச் 31 தேதியிட்ட நம் சங்கத்தின் ஐந்தொகையைப் பார்த்தேன். சங்க நிதி 13,40,000 ரூபாய் என்று இருக்கிறது. ஊருணியைத் தூர்வார மூன்று லட்சம் கேட்டால் மட்டும் கையில் பணம் இல்லை என்கிறீர்கள். போதாக்குறைக்கு, நம் நிதியையே பொறுப்புகள் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். நமக்கு நாமே கடன்காரர்களா?

பஷீர், ஷார்ஜா

முருகேசா, கவலையை விடு. இரண்டு பக்கமும் 16,00,000 என்று கச்சிதமாக நிற்கிறது. ஒரு ரூபாய் இடறியிருந்தாலும் காட்டிக்கொடுத்திருக்கும். நிதிப் பணம் வங்கியில் வைப்பில் இருக்கும், அதைத் தொடக்கூடாது என்று பொருளாளர் மாமா வைத்திருப்பார்.

மல்லிகா, சிங்கப்பூர்

முருகேசன் தம்பி, சங்க நிதி என்று பூட்டிவைத்த பணம் எங்கும் இல்லை. சங்கத்திடம் இருப்பது வலப்பக்கத்தில் உள்ளவை மட்டும்தான்: நூலகக் கட்டடம் 9,20,000, நிரந்தர வைப்பு 5,00,000, சேமிப்புக் கணக்கில் 1,30,000, மேசை நாற்காலி செய்யத் தச்சருக்குக் கொடுத்த முன்பணம் 50,000. இடப்பக்கம் அதே 16 லட்சத்தில் யாருக்கு எவ்வளவு பாத்தியதை என்று சொல்கிறது. மேலத்தெரு சித்தப்பா கொடுத்த கைமாற்று 2,00,000, சிமெண்டுக் கடைப் பாக்கி 60,000. இவை போக மிச்சம் உறுப்பினர்களுடையது. அந்த மிச்சத்துக்குத்தான் சங்க நிதி என்று பெயர். கழித்துக் கண்ட மிச்சத்தைத் திரும்பவும் கூட்டினால் அதே மொத்தம் வராமல் எங்கே போகும்?

சங்கத்தைத் தனி ஆளாக வைத்து எழுதும் கணக்கு இது. அந்த ஆளுக்குக் கடைக்காரரும் வெளியார், நாமும் வெளியார். கடைக்காரருக்குக் கொடுத்த பிறகே நம் முறை வரும், அவ்வளவுதான் வேறுபாடு.

நடந்ததையே பாருங்கள். சித்தப்பா பணம் கொடுத்த அன்று வங்கியில் இரண்டு லட்சம் ஏறியது, கடனிலும் இரண்டு லட்சம் ஏறியது. நிதி அசையவில்லை. அதைக் கொத்தனாருக்குக் கொடுத்தபோது வங்கி இறங்கியது, கட்டடம் ஏறியது. அப்போதும் நிதி அசையவில்லை. சந்தா வந்தால் நிதி கூடும். ஆண்டு விழாச் சாப்பாட்டுக்குச் செலவழித்தால் வங்கியோடு நிதியும் குறையும். எந்தப் பரிமாற்றமும் இரண்டு இடங்களில் பதிவாவதால் சமநிலை கெடுவதில்லை.

பஷீர் தம்பி, கூட்டல் ஒழுங்கு, எழுதியவை இரண்டு இடங்களிலும் ஒரே தொகையாக ஏறின என்பதை மட்டுமே அந்தச் சமம் காட்டும். மார்ச்சில் முடிந்த மின்கம்பி வேலைக்கு 45,000 ரூபாய் ரசீது ஏப்ரலில் வந்து, அதை எழுத மறந்தார்கள் என்று வையுங்கள். கட்டடத்தில் 45,000 குறைவு, பாக்கியிலும் 45,000 குறைவு. இரண்டு பக்கமும் அப்போதும் சமமாகவே நிற்கும். ஏப்ரல், மே மாதங்களில் பணம் போன ரசீதுகளைப் புரட்டி, வேலை எப்போது நடந்தது என்று பார்த்தால்தான் இது பிடிபடும்.

குமரேசன், டொரோண்டோ

இங்கே என் வீட்டை அடமானக் கடனுக்குப் பார்த்தபோது வங்கி இன்றைய விலையைத்தான் எடுத்தது. நூலகம் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் இருக்கிறது. அந்த நிலம் ஐந்தொகையில் எங்கே? என் ஆயுள் சந்தா ரசீதும் இன்னும் வரவில்லை.

பொருளாளர்

தம்பி குமரேசா, ரசீது தனியாக வரும். அந்த நிலம் தானமாக வந்தது. நாம் காசு கொடுக்காததால் பெயருக்கு ஒரு ரூபாய் போட்டுக் கட்டடத்தோடு சேர்த்திருக்கிறோம். இன்றைய விலையைப் போட்டால் சொத்தும் ஏறும், நிதியும் அதே அளவு ஏறும். ஊருணியில் இறங்கும் ஆட்களுக்கு அதிலிருந்து கூலி கொடுக்க முடியாது. சேமிப்புக் கணக்கில் உள்ள 1,30,000 ரூபாயில் சிமெண்டுக் கடைக்கு 60,000 போய்விடும். வைப்பு அக்டோபரில் முதிர்கிறது. அதைத் தொடலாமா என்பதைப் பொதுக்குழுதான் சொல்ல வேண்டும்.

மல்லிகா, சிங்கப்பூர்

மாமா, ஒன்று உறுத்துகிறது. மாணவர் உதவிக்கென்று ஒரு குடும்பம் தந்த 1,50,000 ரூபாயும் அந்த 13,40,000-க்குள்தானே இருக்கிறது? இரண்டு ஆண்டுக்குள் செலவழிக்காவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்று அவர்கள் எழுதியிருந்தால், செலவாகும்வரை அது பொறுப்பு. நிதி 11,90,000 ஆகிவிடும். மொத்தம் 16 லட்சமாகவே இருக்கும் என்பதால் யார் கண்ணிலும் படாது.

பொருளாளர்

சென்ற ஆண்டுத் தணிக்கையாளர் அதை நிதியில்தான் சேர்த்தார். நன்கொடை என்றுதானே வாங்கினோம்? எனக்கு உன் வாதம் முழுமையாக ஒப்பவில்லை அம்மா.

மல்லிகா, சிங்கப்பூர்

கடிதத்தில் திருப்பித் தரும் நிபந்தனை இல்லையென்றால் அவர் செய்தது சரிதான். அப்போதும் நிதிக்குள் தனி வரியாகக் காட்டினால் ஊருணிக்குக் கேட்கிறவர்களுக்கு விவரம் புரியும். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள் மாமா.