பொருள்: ‘டைலைன்’, ‘மாக்கப்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

கயல்:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டிலிருந்தே பொருள் தயாரிப்பவர்கள் தங்கள் பெட்டியைத் தாங்களே வரைந்து அச்சகத்துக்குக் கொடுக்க ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பக்கத்திலேயே இரண்டு சொற்களில் நின்றுவிட்டேன். ஒன்று, பெட்டியைப் பிரித்துத் தட்டையாக வைத்தால் எப்படி இருக்குமோ அந்தக் கோட்டுப்படம், அதாவது டைலைன். இன்னொன்று, மொத்தமாக அச்சடிக்கும் முன் செய்து பார்க்கும் பெட்டி, மாக்கப். அச்சகத்தில் இருப்பவர்கள் இதை டம்மி என்கிறார்கள். ஒலிபெயர்த்து விட்டுவிட மனமில்லை. உங்கள் யோசனைகளைச் சொல்லுங்கள்.

தமிழ்ச்செல்வன்:

கயல், இதில் பெரிய சிக்கல் இல்லை என்று நினைக்கிறேன். டை என்பது வெட்டும் அச்சு, லைன் என்பது கோடு. ஆகவே ‘வெட்டுக்கோடு’. சின்னச் சொல், வாயில் நிற்கும். படம் முழுவதையும் குறிக்க வேண்டுமென்றால் ‘வலை’ இருக்கிறது. கனசதுரத்தை விரித்துக் காட்டும் படத்தைக் கணக்கில் வலை என்று சொல்வதுண்டு. பெட்டியும் அதேதானே? மாக்கப்புக்கு ‘மாதிரி’ போதும்.

சிவராமன்:

தம்பி, பெட்டி அடிக்கிற தொழிலில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

‘வெட்டுக்கோடு’ பாதிதான் சரி. அந்தப் படத்தில் கத்தி போகும் கோடும் உண்டு, அட்டை மடிய வேண்டிய கோடும் உண்டு. டை செய்கிறவர் மரப்பலகையில் வெட்டும் கோட்டுக்குக் கூர்மையான எஃகுப் பட்டையைப் பதிப்பார், மடிக்கும் கோட்டுக்கு முனை மழுங்கிய பட்டையைப் பதிப்பார். எது எது என்று படம்தான் அவருக்குச் சொல்ல வேண்டும். எல்லாக் கோட்டையும் ஒரே கறுப்பில் வரைந்து அனுப்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பெயரே வெட்டுக்கோடு என்றால் புதிதாக வருகிறவர் இன்னும் அப்படித்தான் செய்வார்.

‘வலை’யும் எனக்கு ஒப்பவில்லை. கணக்கில் வரும் வலைக்குத் தடிமன் கிடையாது. அட்டைக்கு உண்டு, பெட்டி வரைகிற வேலையே அங்கேதான் இருக்கிறது. ஒன்றை வரைந்தே காட்டுகிறேன்.

38 மில்லிமீட்டர் விட்டம், 62 உயரம் உள்ள ஒரு தைலப் புட்டி என்று வையுங்கள். சிரமமில்லாமல் போய்வர ஒரு மில்லிமீட்டர் இடம் விட்டால், பெட்டியின் உள்ளளவு 39க்கு 39, உயரம் 63. அட்டையின் தடிமன் அரை மில்லிமீட்டர். ஒவ்வொரு மடிப்பும் இந்தத் தடிமனைத் தின்றுவிடும். அதனால் மடிப்புக்கு மடிப்பு 39 என்று வரைந்தால் உள்ளே 39 கிடைக்காது. 39.5 என்று வரைய வேண்டும். முதல் மூன்று பக்கங்களும் அப்படி. நாலாவது பக்கம், ஒட்டும் மடலின் மேல் வந்து உட்காருவது, 39 போதும். அதையும் 39.5 என்று விட்டால் ஒட்டிய பிறகு ஓரம் மூலையைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும், விரலில் உரசும். ஒட்டும் மடலுக்கு 12 விடுங்கள், மேலும் கீழும் கொஞ்சம் சரித்து வெட்டுங்கள். ஆக மொத்த அகலம் 169.5.

உயரத்துக்கு மேல்மூடி, அடிமூடி இரண்டின் தடிமனையும் சேர்த்து 64. மூடியின் ஆழம் 39, அதன் நுனியில் உள்ளே செருகும் நாக்கு 14. பக்கவாட்டில் இருக்கும் இரண்டு காதுகளும் மூடிக்கு அடியில் படுக்க வேண்டியவை. அதனால் அவற்றின் மடிப்புக்கோடு மூடியின் மடிப்புக்கோட்டைவிட அரை மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேர்கோட்டில் வரைந்தால் மூடி படியாது, நடுவில் லேசாகப் புடைத்து நிற்கும். காதின் நீளம் பக்கத்தின் பாதியைத் தாண்டக் கூடாது. இங்கே 19 வைத்தால் இரண்டு காதும் ஒன்றோடொன்று முட்டாது.

இந்த அரை அரை மில்லிமீட்டர்களைக் கணக்கு வலை எதுவும் காட்டாது. அதனால் வேறு சொல் தேடுங்கள்.

ரசியா:

சிவராமன் ஐயா, நல்ல வேளை நீங்கள் வந்தீர்கள். நான் சோப்புக்குப் பெட்டி வரைந்திருக்கிறேன். வீட்டில் சாதாரணத் தாளில் அச்செடுத்து மடித்துப் பார்த்தேன், கச்சிதமாக இருந்தது. அதே படத்தை 350 ஜி.எஸ்.எம் அட்டையில் அடித்து வாங்கினேன். சோப்பை வைத்து மூடினால் மூடி மெல்ல மெல்லத் தானாகவே திறந்துகொள்கிறது. பக்கங்களும் வயிறு வைத்த மாதிரி வெளியே வளைகின்றன. அட்டை தரமில்லையா, இல்லை என் படத்தில் தப்பா? அடுத்த முறைக்கு மூடியில் ஸ்டிக்கர் ஒட்டிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

தமிழ்ச்செல்வன்:

ரசியா அக்கா, இது கலைச்சொல் இழை. உங்கள் கேள்விக்குத் தனி இழை தொடங்கலாமே.

சிவராமன்:

இருக்கட்டும் தம்பி. அவர் கேட்டதற்குப் பதில் சொன்னால் கயலின் இரண்டாவது சொல்லுக்கும் வழி பிறக்கும்.

அம்மா, தாளில் மடித்தபோது உங்கள் படத்தின் வடிவம் சரி என்று மட்டும்தான் தெரிந்திருக்கும். அட்டை எப்படி நடந்துகொள்ளும் என்று தாள் சொல்லாது. ஸ்டிக்கர் வேண்டாம், முதலில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, காலிப் பெட்டியை மூடி வையுங்கள். காலியாக இருக்கும்போது மூடி திறக்காமல், சோப்பை வைத்தால் மட்டும் திறந்தால் உள்ளளவு பற்றவில்லை, சோப்பு தள்ளுகிறது. தாளின் அளவிலேயே வரைந்திருந்தால் இது நடக்கும். காலியாகவே திறந்தால் நாக்குக்குப் பிடிமானம் இல்லை. மூடிக்கும் நாக்குக்கும் இடையே உள்ள மடிப்பின் இரு முனையிலும் ஒரு சின்னக் கீறல் வெட்டு இருக்க வேண்டும். காதின் ஓரம் அதில் மாட்டிக்கொள்ளும். அது படத்தில் இருக்கிறதா?

இரண்டாவது, வயிறு வைப்பது. அட்டைக்குள் நார் ஒரு திசையில் ஓடும். அந்த நார் பெட்டியைச் சுற்றிப் போக வேண்டும், அதாவது நிற்கும் நாலு மடிப்புகளுக்கும் குறுக்கே. மேலிருந்து கீழாக நின்றால் பக்கங்கள் எளிதில் வளைந்துவிடும். கண்டுபிடிப்பது சுலபம். அதே அட்டையில் ஒரு சதுரத் துண்டு வெட்டி இரண்டு பக்கமும் வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ, அந்த வளைவின் உருளை நீளவாக்கில்தான் நார் ஓடுகிறது. அச்சகத்தில் ஒரு ஷீட்டில் அதிகப் பெட்டி அடங்கட்டும் என்று படத்தைத் திருப்பிப் போட்டிருக்கலாம். அப்படித் திருப்பக் கூடாது என்றால் நார்த்திசைக்கு ஓர் அம்புக்குறி படத்திலேயே இருக்க வேண்டும்.

கயல்:

ஐயா, இதைப் படித்ததும் ஒன்று தோன்றியது. ‘மாதிரி’ என்று சொன்னால் எல்லோரும் பார்வைக்கு என்றுதான் நினைக்கிறோம். நிறம், எழுத்து, அழகு. நீங்கள் சொல்வதோ பொருளை உள்ளே வைத்துச் சோதிக்கும் பெட்டி. இரண்டும் வேறு வேறா?

சிவராமன்:

வேறுதான். நாங்கள் முதலில் அச்சே இல்லாத வெள்ளைப் பெட்டி செய்வோம். எந்த அட்டையில் மொத்தமாக அடிக்கப்போகிறோமோ அதே அட்டை, அதே நார்த்திசை. தைலப் புட்டிக் கணக்குக்கே வருகிறேன். மேலிருந்து கீழ் வரை கூட்டினால் 170 வரும், அதனால் படம் முழுவதும் ஏ4 தாளிலேயே அடங்கும். அச்செடுக்கும்போது ‘Fit’ என்று இருந்தால் படம் சுருங்கிவிடும், ‘Actual size’ வைக்க வேண்டும். படத்தின் ஓரத்தில் 100 மில்லிமீட்டர் கோடு ஒன்று போட்டுவைத்து, தாள் வந்ததும் ஸ்கேலால் அளந்துவிடுங்கள். 97 வந்தால் அந்தத் தாளை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

தாளை அட்டையின் மேல் ஒட்டி, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் மடிப்புக்கோடுகளை அழுத்தி இழுங்கள். அட்டைக்குக் கீழே கொஞ்சம் மெத்தென்று ஏதாவது இருக்கட்டும். அப்போதுதான் பின்பக்கம் மேடு எழும்பும், அந்த மேடு பெட்டியின் உட்புறம் வருமாறு மடிக்க வேண்டும். கோட்டைக் கத்தியால் கீறி மடித்தால் அது சோதனையே ஆகாது. கீறிய மடிப்பு தொய்ந்துவிடும், அழுத்திய மடிப்பு திமிரும். அந்தத் திமிர் மூடியை என்ன செய்கிறது என்று பார்க்கத்தானே பெட்டியே செய்கிறோம். பிறகு பொருளை வைத்து மூடி, குலுக்கி, ஒரு இரவு விட்டுவிட்டுக் காலையில் பாருங்கள்.

இதில் தேறிய பிறகுதான் அச்சடித்த பெட்டி. அங்கே பார்ப்பது வேறு. வெட்டு ஓரத்துக்கு வெளியே 3 மில்லிமீட்டர் நிறம் நீண்டிருக்கிறதா, ஒட்டும் மடலில் நிறமும் வார்னிஷும் படாமல் விட்டிருக்கிறதா, மூடியில் உள்ள எழுத்து தலைகீழாக நிற்கிறதா. மடலில் மடிப்பை ஒட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் நிறம் உள்ளே போகலாம், இல்லாவிட்டால் மூலையில் வெள்ளை தெரியும். டை செய்த பிறகு அளவு தப்பு என்று தெரிந்தால் டையையே மறுபடி செய்ய வேண்டும். அதனால் வெள்ளைப் பெட்டியைத் தாண்டாமல் யாரும் டைக்குப் போகக் கூடாது என்பது என் பிடிவாதம்.

தமிழ்ச்செல்வன்:

வெட்டுக்கோட்டை விட்டுவிடுகிறேன். ‘வெட்டுமடிப்பு வரை’ என்றால் இரண்டும் வந்துவிடும். ஆனால் வெட்டு, மடிப்பு, ஒட்டும் இடம், நிறம் நீளும் எல்லை என்று எல்லாவற்றையும் பெயரில் ஏற்றினால் சொல் தாங்காது. சொல் சுட்டினால் போதும், விளக்க வேண்டியதில்லை. மாக்கப்புக்கு இன்னும் ‘மாதிரி’யைத்தான் சொல்வேன். முன்னால் ‘வெள்ளை’, ‘அச்சு’ என்று அடைமொழி சேர்த்துக்கொள்ளலாம்.

சிவராமன்:

வெட்டுமடிப்பு வரை நன்றாக இருக்கிறது. டை செய்கிறவரிடம் சொன்னாலும் புரியும். ஆனால் வெள்ளை மாதிரி என்றால் கடையில் வெள்ளை நிற சாம்பிளை எடுத்து நீட்டுவார்கள். ‘பொருத்தப் பெட்டி’ என்றால் என்ன? உள்ளே பொருந்துகிறதா என்று பார்ப்பது.

ரசியா:

ஐயா, பார்த்துவிட்டேன். காலிப் பெட்டி மூடியே நிற்கிறது, சோப்பு வைத்தால்தான் திறக்கிறது. அட்டைத் துண்டையும் வளைத்துப் பார்த்தேன், நார் மேலிருந்து கீழாகத்தான் ஓடுகிறது. என் படத்தில் அம்புக்குறி இல்லை. இப்போது உள்ளளவைக் கூட்டி வரைகிறேன். சோப்பு காய்ந்தால் கொஞ்சம் சுருங்கும், புதுச் சோப்புக்கு அளவெடுப்பதா, காய்ந்ததற்கா?

சிவராமன்:

பெட்டியில் போடும் நாளன்று எப்படி இருக்குமோ அந்தச் சோப்புக்கு. கையில் இருப்பதில் பெரியதாகப் பார்த்து அளவெடுங்கள்.

கயல்:

கையேட்டில் இப்போதைக்கு ‘வெட்டுமடிப்பு வரை’ என்று எழுதிவிடுகிறேன். மாக்கப்புக்குப் ‘பொருத்தப் பெட்டி’, ‘அச்சு மாதிரி’ என்று இரண்டு தனிச் சொற்களாக வைக்கிறேன். தமிழ்ச்செல்வன், உங்கள் மறுப்பையும் குறித்துக்கொண்டேன். சிவராமன் ஐயா சொன்ன காது, நாக்கு, மடல் மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. மடிப்பு ஓரத்தில் வரும் அந்தக் கீறல் வெட்டுக்கு மட்டும் இன்னும் பெயர் இல்லை.

சிவராமன்:

நாங்கள் அதை ஸ்லிட் என்றுதான் சொல்கிறோம். ‘பூட்டுக்கீறல்’ என்று வைத்துப் பாருங்கள், சரிப்படுகிறதா.