முதல் கோலும் கிளீன் ஷீட்டும் பெருக்கினால் ஏன் வின் டு நில் விலை வருவதில்லை?

மாங்குளம் தம்பி:
இன்றைய உதைபந்தாட்டத்தில் சொந்த மைதான அணிக்குப் பந்தய விலை முதல் கோல் 1.60, கோல் வாங்காமல் முடிக்கும் கிளீன் ஷீட் 2.30. இரண்டும் நடந்தால் 1.60 × 2.30 = 3.68 வர வேண்டும். வின் டு நில் விலையோ 2.75தான். பந்தயக் கம்பனி எங்களை மொட்டை அடிக்கிறதா?

கிளிநொச்சி மாஸ்டர்:
இல்லைத் தம்பி. ஒரு அணி கோல் வாங்காமல் ஆட்டத்தை முடித்து, தானும் ஒரு கோலாவது போட்டிருந்தால், முதல் கோல் அதனுடையதாகத்தானே இருக்க முடியும்? அந்த இரண்டும் சேர்ந்ததற்குப் பெயர்தான் வின் டு நில். ஒன்றை ஒன்று இழுத்து வரும் சங்கதிகளைப் பெருக்கக் கூடாது.

கம்பனியின் லாபத்தை இப்போதைக்கு விட்டு, இதே ஆட்டம் 100 தடவை நடப்பதாக வையும். 100ஐ விலையால் வகுத்தால் எத்தனை தடவை என்று வரும்: 2.30 என்றால் ஏறத்தாழ 43 தடவை கிளீன் ஷீட், 1.60 என்றால் ஏறத்தாழ 62 தடவை முதல் கோல். அந்த 43இல் 7 தடவை 0-0 என்று பிடிப்போம். மிச்சம் 36. அந்த 36இலும் முதல் கோல் இவர்களுடையதே. 36 என்பது 2.75ஐ ஒட்டிய விலை. நீர் செய்தது 43இல் 62 சதவீதத்தை மட்டும் எடுத்தது. அது 27தான். ஒன்பது ஆட்டத்தைத் தொலைத்துவிட்டீர்.

மறுபக்கமும் பாரும். முதல் கோல் 62 தடவை. அதில் 36 தடவை கதவு மூடியபடி இருந்தது, 26 தடவை பிறகு கோல் வாங்கினார்கள். 2022 உலகக் கிண்ணத்தில் மெஸ்ஸி பெனால்டியில் முதல் கோல் போட்டும் ஆர்ஜென்டினா சவூதியிடம் 2-1 எனத் தோற்றதே, அது இந்த 26இல் சேரும்.

கரைவலை:
எங்கள் ஊர் சுற்றுப்போட்டியில் முதல் கோல் சேம் சைட் கோல். எதிரணிப் பின்வரிசைக்காரனின் முழங்காலில் பட்டு உள்ளே போனது. அதை யார் கணக்கில் போடுவது?

கிளிநொச்சி மாஸ்டர்:
அணிக்கான முதல் கோல் என்றால் யாருக்குப் புள்ளிப்பலகை ஏறியதோ அவர்களுக்கு. வீரரின் பெயரில் கட்டும் பந்தயத்தில்தான் சேம் சைட் கோலை எண்ணாமல் விடுவார்கள்.

வவுனியா ரசிகன்:
மாஸ்டர், இவ்வளவு கணக்கு எதற்கு? கிளீன் ஷீட்தான் எப்போதும் நல்லது. 0-0 ஆனாலும் காசு வரும். வின் டு நில்லில் நான் பட்டது போதும். 2010 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் ஸ்பெயின் 1-0. அப்போது கொழும்பில் வேலை. பந்தயத் துண்டை நீட்டினால் கவுண்டர்காரர் தலையை ஆட்டிவிட்டார். பச்சை ஏமாற்று!

கிளிநொச்சி மாஸ்டர்:
ஏமாற்று இல்லை அண்ணை. இனியெஸ்டாவின் கோல் 116ஆவது நிமிடத்தில், மேலதிக நேரத்தில். இந்தப் பந்தயங்கள் வழக்கமாக 90 நிமிடத்தோடும் நடுவர் கூட்டும் நிமிடங்களோடும் முடிந்துவிடும். அந்த நேரம் 0-0. ஆகவே வின் டு நில் தோல்வி, கிளீன் ஷீட் வெற்றி, முதல் கோல் யாருக்கும் இல்லை.

0-0க்கும் காசு வரும் என்பது சரி. ஆனால் அதற்கான விலையை நீங்கள் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறீர்கள். கிளீன் ஷீட்டில் 1000 ரூபாய் கட்டினால் திரும்பி வருவது 2300. அதே 2300ஐ வின் டு நில்லையும் 0-0ஐயும் தனித்தனியாக வாங்கியும் பெறலாம். 2.75இல் 836 ரூபாய். 0-0 விலை 13 என்றால் 177 ரூபாய். மொத்தம் 1013. அப்போது நேரே கிளீன் ஷீட் 13 ரூபாய் மலிவு. 0-0 விலை 15ஆக இருந்தால் அதற்கு 153 போதும், மொத்தம் 989. அப்போது பிரித்து வாங்குவது மலிவு. “எப்போதும்” என்ற சொல்தான் பிழை.

வவுனியா ரசிகன்:
13 ரூபாய்க்கு ஒரு பிளேன்டீ கூட வராது.

மாங்குளம் தம்பி:
இன்னொரு கம்பனியின் பக்கத்தில் முதல் கோல் 1.50 என்று கிடக்கிறது. அங்கே கஞ்சத்தனமா?

கிளிநொச்சி மாஸ்டர்:
விதியை வாசித்துப் பாரும். 0-0 ஆனால் கட்டிய காசைத் திருப்பித் தருகிறார்களா? அப்படியென்றால் 100இல் அந்த 7 ஆட்டமும் கணக்கிலேயே இல்லை. 93இல் 62, அதாவது மூன்றில் இரண்டு, விலை 1.50. 1.60 போட்டவர்கள் “கோல் இல்லை” என்பதைத் தனித் தெரிவாக வைத்திருப்பார்கள்.

கரைவலை:
எல்லாம் அந்த 7இல்தான் தொங்குகிறது. அதை எப்படிப் பிடித்தீர்கள்?

கிளிநொச்சி மாஸ்டர்:
இரு அணிகளின் கோல் சராசரியை வைத்து. ஒருவருக்கு 1.8, மற்றவருக்கு 0.9 என்றால் 0-0 வருவது 6.7 சதவீதம். ஆனால் அது இரு அணியும் ஒன்றையொன்று பாதிக்காமல் கோல் போடும் என்ற நம்பிக்கையில் நிற்கும் கணக்கு. டிக்சன், கோல்ஸ் என்ற இருவர் 1997இல் இங்கிலாந்து ஆட்டங்களைப் பார்த்து, 0-0உம் 1-1உம் அந்தக் கணக்கைவிடச் சற்றுக் கூட வருவதாகக் காட்டினார்கள். 0-0 கூடினால் கிளீன் ஷீட்டுக்கும் வின் டு நில்லுக்கும் இடைவெளி அகலும்.

வவுனியா ரசிகன்:
அப்போது நான் சொன்னதுதானே? கிளீன் ஷீட்!

கிளிநொச்சி மாஸ்டர்:
அது விலை போடுகிறவனுக்கும் தெரியுமே அண்ணை.

வவுனியா ரசிகன்:
எல்லாக் கம்பனிக்காரனுக்கும் தெரியும் என்று நான் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு நாலு இடத்து 0-0 விலையையும் எழுதிக்கொண்டு வருகிறேன், அங்கே பேசுவோம்.