ஏரி நீர்மட்ட டாஷ்போர்டு: இலவச ஹோஸ்டிங்கில் பேண்ட்வித் தீர்கிறது

செம்பரம்பாக்கம், புழல், பூண்டி நீர்மட்டங்களைக் காட்டும் ஸ்டாட்டிக் பக்கம் இது. மாத வரம்பு 100 ஜிபி. மழை தொடங்கியதும் சிலர் பக்கத்தின் நகலைத் தங்கள் தளங்களில் போட்டார்கள். மூன்றே நாளில் 80 ஜிபி போய்விட்டது.

காரணம் தெரியும். `data.json` 6 எம்பி. நகல்கள் அதை எங்கள் டொமைனிலிருந்தே 5 நிமிடத்துக்கு ஒருமுறை இப்படி இழுக்கின்றன:

```
fetch("https://…/data.json?t=" + Date.now())
```

திறந்திருக்கும் ஒரு டேப் மணிக்கு 72 எம்பி தின்கிறது. சுமார் 1,400 பேர் ஒரு மணி நேரம் பார்த்தாலே மாதக் கணக்கு முடிந்தது.

எங்கள் பக்கத்தில் இன்றைய அளவுகளை 40 கேபி கோப்பாகப் பிரித்தாயிற்று. பழைய கோப்பைச் சுருக்கினால் நகல்களில் ஆண்டு வரைபடம் உடைகிறது. மழை நேரத்தில் மக்கள் நம்பிப் பார்ப்பதை உடைக்க மனமில்லை.

முன்னால் இலவச சிடிஎன் வைத்து, ஜேசனையும் 10 நிமிடம் கேஷ் செய்யும் விதி போட்டோம். ஆனால் `?t=` ஒவ்வொரு முறையும் மாறுவதால் எல்லாமே `MISS`.

நகல்களைத் தொடாமல், இலவச சிடிஎன் திட்டத்திலேயே `?` க்குப் பின் வருவதைக் கேஷ் கணக்கில் எடுக்காமல் விட வைப்பது எப்படி?